சித்தியின் வாட்ஸ்அப்பில் குடிவந்த அந்நியர்
(இணைத்த கருவிகள் என்னும் வசதி – ஒரு செய்முறைக் கட்டுரை)



மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தபோது, "மைக்ரோகன்ட்ரோலர் பத்தி ஏதாவது எழுதுடா" என்றுதான் சொன்னார். மைக்ரோகன்ட்ரோலர் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை, பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊரில் நான் என் கையாலேயே செய்து பார்த்த ஒன்றை, இங்கே எழுதுகிறேன். ரெக்கார்டு நோட்டில் எழுதுவதுபோல் நடந்தது, காரணம், செய்முறை, முடிவு என்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன?

என் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். எங்கள் சித்தி அங்கே பெண்கள் சுயஉதவிக் குழு ஒன்றுக்குச் செயலாளர். பன்னிரண்டு பேர். சாமை, தேன், புளி இவற்றைச் சேர்த்து விற்பதுதான் குழுவின் வேலை. எல்லோரும் ஒரே ஊரில் இல்லை. ஆகவே விலை பேசுவது, யாரிடம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்பது, வங்கிப் பாஸ்புக்கைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கும்.

ஒரு சனிக்கிழமை, சந்தையில் மடிக்கணினியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "சிறுதானியம் வாங்குற பெரிய வியாபாரிங்க எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல இருக்காங்க. உங்களையும் சேர்த்துவிடறேன். வாட்ஸ்அப்பைத் திறந்து, மேல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு, இந்த கோடை ஸ்கேன் பண்ணுங்கம்மா" என்றிருக்கிறார். சித்தி செய்தார். போன் விரல்ரேகை கேட்டது, அதையும் வைத்தார். "சேர்ந்துட்டீங்க, ரெண்டு நாள்ல மெசேஜ் வரும்" என்று அவர் அனுப்பிவைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் விலை பேசினார்கள். சாமை கிலோ 38 ரூபாய்க்குக் கீழே கொடுப்பதில்லை என்று முடிவு. திங்கட்கிழமை ஒரு வியாபாரி போன் செய்து, எடுத்த எடுப்பிலேயே "38 தரேன், அதுக்கு மேல ஒரு பைசா இல்ல" என்றார். 42-இல் தொடங்கிப் பேசலாம் என்று வைத்திருந்தவர்களுக்கு வாயடைத்துப் போயிற்று. குழுவில் யாரோ உளவு சொல்லிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். சித்தியின் எண்ணிலிருந்து நான்கு பேருக்குத் தனித்தனியாக, "அவசரம், 3,000 ரூபாய் அனுப்பு, வியாழக்கிழமை தரேன்" என்று செய்தி போயிருக்கிறது. கூடவே பணம் அனுப்ப ஒரு யுபிஐ முகவரி. ஒருவர் அனுப்பிவிட்டார். இன்னொருவர் நேரில் வந்து கேட்டார். சித்தி, "நான் ஒண்ணுமே அனுப்பலயே கண்ணு, இந்தா என் போனைப் பாரு" என்று காட்டினார். அவர் போனில் அப்படி ஒரு செய்தியே இல்லை! ஆனால் வாங்கியவர் போனில் இருக்கிறது, சித்தியின் படத்தோடு, சித்தியின் எண்ணிலிருந்து. ஒரே ஊரில் ஒருவர் போனில் இருப்பது மற்றவர் போனில் இல்லை என்றால் யாரை நம்புவது? பத்து வருடமாகக் கணக்கு எழுதிய மனுஷியைப் பார்த்து, "செயலாளரம்மா மெசேஜை அழிச்சுட்டு நடிக்கிறாங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். சித்தி போனை அணைத்து அரிசிப் பானையில் போட்டுவிட்டார். புதன், வியாழன் இரண்டு நாளும் போன் அணைந்தே கிடந்தது. அப்படியும் வியாழக்கிழமை இன்னொருவருக்கு அதே செய்தி போயிற்று.

வெள்ளிக்கிழமை நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். "டிப்ளமோ படிக்கிற பையன் வந்துட்டான், இவன்கிட்ட கேளு" என்று பாட்டி போனை என் கையில் கொடுத்தார்.

காரணம்: சித்தி திறந்துவிட்ட இரண்டாவது வாசல்

வாட்ஸ்அப் முதலில் போனில் மட்டும்தான் இருந்தது. கணினியிலும் பார்க்கலாம் என்ற வசதி 2015 ஜனவரியில் வந்தது. கணினியில் `web.whatsapp.com` என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு கியூஆர் கோடு வரும். போனில் `Linked devices` என்ற இடத்துக்குப் போய், `Link a device` என்பதைத் தொட்டு அந்தக் கோடை ஸ்கேன் செய்தால், போனில் உள்ள உரையாடல் கணினியிலும் தெரியும். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மிகவும் பயனுள்ள வசதி. இப்படி நான்கு கருவிகள் வரை ஒரு போனோடு இணைக்கலாம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு கடைக்காரருடைய முகவரி. அதை ஸ்கேன் செய்தால் நாம் அவருக்குப் பணம் அனுப்பப் போகிறோம் என்று நமக்கே தெரியும்; தொகையும் இரகசிய எண்ணும் போட்டால்தான் பணம் போகும். வாட்ஸ்அப் கணினிப் பக்கத்தில் வரும் கோடு அப்படிப்பட்ட முகவரி அல்ல. அது அந்தக் கணினி உருவாக்கிய ஒரு சாவியின் விவரம். அதை ஸ்கேன் செய்வதன் பொருள், "இந்தச் சாவி வைத்திருக்கும் கணினி என்னுடையதுதான்" என்று நம் போன் கையெழுத்துப் போடுவது. கணினி யாருடையது என்று வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. கையெழுத்து சரியா என்று மட்டும்தான் அது பார்க்கும். சித்தி சந்தையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அந்த மனிதருடைய மடிக்கணினிக்கு.

"வாட்ஸ்அப் முழுக்க மறைகுறியாக்கம் செய்யப்பட்டது, நடுவில் யாரும் படிக்க முடியாது" என்று படித்திருக்கிறோமே, அது என்னாயிற்று? அது பொய்யில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உண்டு. சித்திக்கு யாராவது செய்தி அனுப்பினால், அனுப்புகிறவர் போன் அதை இரண்டு பிரதியாக்கி, ஒன்றைச் சித்தியின் போனுக்கும் மற்றொன்றை இணைந்திருக்கும் கணினிக்கும் தனித்தனியாகப் பூட்டி அனுப்புகிறது. நடுவில் யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பிரதி முறைப்படி அந்நியருக்கே போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். தபால்காரர் உறையைப் பிரிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரே இரண்டாவது முகவரி எழுதிக் கொடுத்துவிட்டார். அது மட்டுமல்ல, இணைக்கும் நேரத்தில் போன் தன்னிடம் உள்ள பழைய உரையாடல்களில் ஒரு பகுதியையும் கட்டாகக் கட்டிப் புதிய கருவிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே பாஸ்புக் படமும் ஆதார் படமும் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே அனுப்பியவையானாலும் போயிருக்கக்கூடும்.

போனை அணைத்தும் ஏன் நிற்கவில்லை? முன்பெல்லாம் கணினிப் பக்கம் போனின் நிழல் போலத்தான் இயங்கியது. போனில் இணையம் போனால் அதுவும் நின்றுவிடும். 2021 ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதனையாகக் கொண்டுவந்தது. பிறகு அதுவே எல்லோருக்கும் ஆயிற்று. அதன்படி இணைந்த கருவி ஒவ்வொன்றும் சொந்தக் காலில் நிற்கும். போன் 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் கிடந்தால்தான் கருவிகள் தானாகத் துண்டிக்கப்படும். எங்கள் மலையில் மழைக்காலத்தில் மூன்று நாள் டவர் இல்லாமல் போவது சாதாரணம். அந்த மூன்று நாளும் அந்நியரின் கணினி மட்டும் சித்தியாக இருந்து பேசிக்கொண்டிருக்கும். போனை அரிசிப் பானையில் போட்டதால் நஷ்டம் சித்திக்குத்தான். வந்த செய்திகளைப் பார்க்கவே முடியாமல் போயிற்று.

கடைசியாக, சித்தியின் போனில் அந்தச் செய்தி ஏன் இல்லை? இணைந்த கணினியிலிருந்து அனுப்பும் செய்தி போனிலும் தெரியும். ஆனால் அனுப்பிய கையோடு கணினியில் "எனக்கு மட்டும் அழி" என்று கொடுத்தால், அந்த அழிப்பும் போனுக்கு வந்து சேரும். வாங்கியவரிடம் இருப்பது அப்படியே இருக்கும். உரையாடலைக் காப்பகத்தில் தள்ளினால் அதுவும் அப்படியே. சித்தி நடிக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு பத்தியே சாட்சி. நான் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே என் மடிக்கணினியை என் போனோடு இணைத்து, எதிரில் உட்கார்ந்தவருக்குச் செய்தி அனுப்பி, எனக்கு மட்டும் அழித்துக் காட்டினேன். என் போனில் செய்தி மறைந்தது. அவர் போனில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் சந்தேகப்பட்ட இரண்டு பேரும் சித்தியின் முகத்தைப் பார்த்தார்கள்.

உலகத்திலும் இதே கதைதான்

இது எங்கள் சந்தையில் மட்டும் நடக்கும் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு விவரம் வெளியிட்டது. ஸ்டார் பிளிஸார்ட் என்று அவர்கள் பெயரிட்ட, ரஷ்யாவைச் சார்ந்த ஒரு கூட்டம், 2024 நவம்பர் நடுவில் அமெரிக்க அதிகாரி அனுப்பியதுபோல் மின்னஞ்சல் அனுப்பியது. உக்ரைனுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிய வாட்ஸ்அப் குழுவில் சேர ஒரு கியூஆர் கோடு அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோடு வேண்டுமென்றே வேலை செய்யாதபடி செய்யப்பட்டிருந்தது. "கோடு வேலை செய்யவில்லையே" என்று பதில் போடுகிறவர் ஏமாறத் தயாராக இருப்பவர். அவருக்கு மட்டும் இரண்டாவது மின்னஞ்சலில் ஒரு இணைப்பு போகும். அது திறக்கும் பக்கத்தில் உள்ள கோடுதான் உண்மையில் கணக்கை இணைக்கும் கோடு. சித்தியிடம் சொன்ன அதே வார்த்தை: குழுவில் சேர்க்கிறேன்.

2025 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக் குழு சிக்னல் என்ற செயலியிலும் இதையே கண்டது. குழுவுக்கு அழைக்கும் உண்மையான பக்கத்தைப் போலவே ஒரு பக்கத்தை உருவாக்கி, குழுவில் சேர்க்கும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் கருவியை இணைக்கும் கட்டளையை வைத்துவிட்டார்கள். அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
sgnl://linkdevice?uuid=...
```

2025 டிசம்பரில் நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு, கோஸ்ட் பேரிங் என்ற பெயரில் வந்த மோசடி பற்றி எச்சரித்தது. இதில் கியூஆர் கோடுகூட வேண்டியதில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து "உன் போட்டோ ஒன்று பார்த்தேன்" என்று ஒரு இணைப்பு வரும். தொட்டால் ஒரு போலிப் பக்கம் உங்கள் போன் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும், "சரிபார்க்க இந்தக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் போடுங்கள்" என்று எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டும். அது எங்கிருந்து வந்தது? வாட்ஸ்அப்பில் கோடை ஸ்கேன் செய்ய முடியாதவர்களுக்காக, போன் எண்ணைக் கொடுத்துக் கருவியை இணைக்கும் வழி ஒன்று உண்டு. திருடர் தன் கணினியில் உங்கள் எண்ணைப் போட்டு வாங்கிய குறியீடுதான் அது. நீங்கள் அதைப் போனில் போட்டால் கோடை ஸ்கேன் செய்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததற்குக் காரணம், அந்தத் தெரிந்தவர் நேற்றே இதில் விழுந்துவிட்டார் என்பதுதான்.

கோடுக்குள் என்ன எழுதியிருக்கிறது?

கியூஆர் கோடு என்பது கறுப்புக் கட்டங்களில் எழுதிய ஒரு வரி எழுத்து, வேறு மாயம் ஒன்றும் இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் ஸ்கேனரை விட்டுவிட்டு, போனின் சாதாரணக் கேமராவைக் காட்டுங்கள். எதையும் தொட்டுத் திறக்காமல், வரியை மட்டும் படியுங்கள்.

பணம் அனுப்பும் கோடு `upi://pay?pa=` என்று தொடங்கும். வாட்ஸ்அப் குழுவில் சேரும் கோடில் `https://chat.whatsapp.com/` என்று இருக்கும். `2@` என்று தொடங்கி நீளமாகப் புரியாத எழுத்துகள் வந்தாலோ, வரியில் எங்காவது `linked_devices` அல்லது `linkdevice` என்ற சொல் இருந்தாலோ, அது கருவியை இணைக்கும் கோடு. குழுவில் சேர்க்கிறேன் என்று சொல்லி அந்தக் கோடை நீட்டுகிறவர் பொய் சொல்கிறார். அதற்கு மேல் விசாரணையே வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பின் இணைப்புக் கோடு கணினித் திரையில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்; பழையது செல்லாது. ஆகவே சுவரில் ஒட்டிய அச்சுக் காகிதத்தில் அந்தக் கோடை நேராக வைத்து யாரையும் பிடிக்க முடியாது. காகிதத்தில் உள்ள கோடு ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்; அந்தப் பக்கம்தான் அந்த நொடியில் எடுத்த புதிய கோடையோ எட்டு எழுத்துக் குறியீட்டையோ காட்டும். சந்தைக்காரர் காகிதத்தோடு வராமல் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்ததற்கும் இதுதான் காரணம்.

போன் விரல்ரேகை கேட்டதே, அதுவும் ஒரு அடையாளம். பூட்டு வைத்த போனில் புதிய கருவியை இணைக்கும்போது அப்படிக் கேட்கும். குழுவில் சேருவதற்கு வாட்ஸ்அப் ஒருநாளும் விரல்ரேகை கேட்பதில்லை.

செய்முறை: அந்நியரை வெளியேற்றியது

முதலில் போனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போனோம். வெளியேற்றும் கட்டளை வாட்ஸ்அப் சேவையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இணையம் இல்லாமல் செய்தால் பலிக்காது.

1. வாட்ஸ்அப்பைத் திறந்து, வலப்பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டேன். ஐபோனாக இருந்தால் அமைப்புகள் பகுதிக்குள் போக வேண்டும்.

2. அதில் `Linked devices` என்பதைத் தொட்டேன். செயலியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இணைத்த சாதனங்கள் என்ற பொருளில் இருக்கும்.

3. கீழே பட்டியல் வந்தது. ஒரே ஒரு வரி: `Google Chrome (Windows)`. அதன் கீழே, கடைசியாக இயங்கியது இன்று காலை 10.42. சித்தி வீட்டில் கணினியே கிடையாது. "சித்தி, இதுதான் அந்த ஆளு" என்றேன். சித்தி அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்பக்கூட நம்மளைப் பாத்துகிட்டு இருக்கானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குமுன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். புகாருக்கு அது வேண்டும். வெளியேற்றிய பிறகு அந்த வரி இருக்காது.

4. அந்த வரியைத் தொட்டு `Log out` கொடுத்தேன். அந்நியரின் கணினியில் அதே நேரத்தில் உரையாடல் எல்லாம் மறைந்து பழையபடி கோடு காட்டும் பக்கம் வந்திருக்கும்.

5. வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். பட்டியல் காலி. இந்த ஐந்தாவது படியை விட்டுவிடக் கூடாது. டவர் ஆடினால் நாலாவது படி பாதியில் நின்றிருக்கலாம்.

பட்டியலில் நாலு வரி இருந்து எது நம்முடையது என்று தெரியாவிட்டால், நாலையும் வெளியேற்றுங்கள். அங்கே தெரியும் பெயர், இணைந்த கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட பெயர். அதை நம்பி ஒன்றை விட்டுவைக்க வேண்டாம். சொந்தக் கணினியை மறுபடி இணைக்க அரை நிமிடம் போதும்.

சிக்னலில் அமைப்புகளுக்குள் இதே `Linked devices` இருக்கிறது. டெலிகிராமில் அமைப்புகளுக்குள் `Devices` என்று போய், `Terminate all other sessions` கொடுக்க வேண்டும்.

வாசலைச் சாத்தினால் போதுமா?

போதாது என்பதை நான் அரைமணி நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். நண்பர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

இணைந்த கணினியால் இன்னொரு கருவியை இணைக்க முடியாது. அதற்குப் போன்தான் வேண்டும். ஆனால் சித்தி குழுவுக்கு நிர்வாகி. நிர்வாகி செய்வதைக் கணினியிலிருந்தும் செய்யலாம்: புது ஆளைச் சேர்க்கலாம், அழைப்பு இணைப்பை எடுத்துக்கொள்ளலாம். குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து எண்ணினோம். பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று! படமும் பெயரும் இல்லாத ஓர் எண். யாரும் கவனிக்கவில்லை, வேலைக்காரிகளுக்குப் பட்டியலை எண்ணிப் பார்க்க ஏது நேரம்? கணினியை வெளியேற்றியும் அந்த எண் வழியாகக் குழுவின் பேச்சு போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். அந்த எண்ணை நீக்கினோம். நீக்கிய பிறகு குழுவின் அழைப்பு இணைப்பையும் `Reset link` கொடுத்து மாற்றினோம். இல்லாவிட்டால் பழைய இணைப்பை வைத்துக்கொண்டு திரும்ப வந்துவிடலாம். சித்தி இருக்கும் மற்றக் குழுக்களிலும் இப்படியே பார்த்தோம். காப்பகத்தையும் திறந்து பார்த்தோம். பணம் கேட்ட உரையாடல்களில் இரண்டு அங்கே கிடந்தன.

அடுத்தது, போனது போனதுதான். வெளியேற்றுவது இனிமேல் வருவதைத் தடுக்கும். ஏற்கெனவே படம் பிடித்து வைத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஆறு நாளில் குழுவில் பேசிய விலையெல்லாம் வெளியே தெரிந்த விலை என்றே வைத்துக்கொண்டோம். பாஸ்புக் படம் அனுப்பியவர்களிடம், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது கணக்கு எண்ணைச் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று சொன்னோம். எண் சரியாக இருப்பது இனி எதற்கும் சாட்சி அல்ல.

பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும், அல்லது `cybercrime.gov.in` பக்கத்தில் பதிய வேண்டும். பணம் இன்னும் கணக்கை விட்டு நகராமல் இருந்தால் நிறுத்திவைக்க வழி உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாங்கள் மூன்று நாள் கழித்துத்தான் பேசினோம். அது எங்கள் தவறு. முதல் மூன்று நாளும் "யார் பொய் சொல்கிறார்கள்" என்ற சண்டையிலேயே போயிற்று. புகார் பதிவாகிவிட்டது, அந்த 3,000 ரூபாயை எழுதும் இந்த நாள்வரை பார்க்கவில்லை. சந்தைக்கு வந்தவரும், 38 ரூபாய் சொன்ன வியாபாரியும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களா என்பதையும் எங்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே யார்மீதும் பழி போடவில்லை.

எது உதவாது?

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சிம்மை மாத்து" என்றார் ஒருவர். அதே எண்ணில் வேறு சிம் அட்டை வாங்கிப் போட்டால் மட்டும் இணைந்த கணினி போகாது. "ஆறு இலக்கப் பின் வை" என்றார் இன்னொருவர். இரண்டு படிச் சரிபார்ப்பு நல்லதுதான். ஆனால் அது உங்கள் எண்ணை வேறொரு போனில் புதிதாகப் பதிவு செய்யாமல் காக்கும் பூட்டு. இணைப்புக் கோடை ஸ்கேன் செய்யும்போது அந்தப் பின்னைக் கேட்பதே இல்லை. முன்வாசலுக்குப் பூட்டு வாங்கிவிட்டு, பின்வாசல் சாத்தியிருக்கிறது என்று நினைப்பது போல. போனின் பூட்டை மாற்றுவதும் அப்படியே. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. அந்த வேலையைச் செய்வது `Log out` என்ற ஒரு பொத்தான்தான்.

சந்தேகம் வர வேண்டிய அடையாளங்கள் மூன்று: நீங்கள் திறக்காத செய்தி படித்ததாகத் தெரிவது, நீங்கள் அனுப்பாத செய்தி அடுத்தவர் போனில் இருப்பது, நீங்கள் தள்ளாத உரையாடல் காப்பகத்தில் கிடப்பது. மூன்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

முடிவு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடியது. பன்னிரண்டு போனையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் `Linked devices` பார்த்தோம். பதினொன்றில் காலி. ஒன்றில் இரண்டு வரி இருந்தது. ஒன்று அந்த அக்காவின் மகன் தன் கல்லூரிக் கணினியில் இணைத்து மறந்துவிட்டது. போனில் கேட்டதும் ஒப்புக்கொண்டான். மற்றது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டையும் வெளியேற்றினோம்.

அன்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். விலையை இனிக் குழுவில் எழுதுவதில்லை, நேரில்தான் பேசுவது. யார் எண்ணிலிருந்து பணம் கேட்டு வந்தாலும் குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் சித்திதான் எழுதினார். அதற்கு முன்பு அந்தப் புத்தகத்தைச் சித்தி மற்றவர்கள் பக்கம் தள்ளி, "இனிமே வேற யாராவது எழுதுங்க" என்று சொல்லியிருந்தார். சந்தேகப்பட்ட இரண்டு பேரில் மூத்தவர் புத்தகத்தை எடுத்துத் திரும்ப அவர் மடியில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களே, இந்த மலரை மூடிவைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் அம்மாவின் போனிலும் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நம் ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் விளையாட்டுக்கு இணைத்து வைத்தது ஏதாவது இருந்தாலும் இருக்கும். இருந்தால் அவனை அடிக்க வேண்டாம். வெளியேற்றிவிட்டு ஒரு டீ வாங்கித் தரச் சொன்னால் போதும்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை